பாக்கெட் ஸ்நாக்ஸ் ப்ராண்டுகளுக்கு பெர்செப்சுவல் மேப் போட்டு காலி இடம் கண்டுபிடிக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெர்செப்சுவல் மேப்ங்கறது வாங்குறவங்க மனசுல எந்த ப்ராண்ட் எங்க நிக்குதுன்னு காட்டற படம். ஆனா அந்தப் பேரச் சொன்னதும் நிறைய பேர் செய்யறது என்னன்னா, ஒரு சிலுவைக்கோடு போட்டு, கிடைகோட்டுல "விலை", நெடுங்கோட்டுல "தரம்"னு எழுதி, மீட்டிங்ல இருக்கிற நாலு பேரு தங்களுக்குத் தோணுற இடத்துல ப்ராண்ட் லோகோவ ஒட்டிட்டு, காலியா இருக்கிற மூலையில ஒரு வட்டம் போட்டு "இதோ மார்க்கெட் கேப்"னு சொல்றது. அது வாங்குறவங்க மனசுல இருக்கிற படம் இல்ல, அந்த ரூம்ல இருந்தவங்க மனசுல இருக்கிற படம். உண்மையான மேப்புக்கு ஆளுங்ககிட்ட டேட்டா வாங்கணும், அந்த டேட்டாவுல இருக்கிற ஒரு பெரிய பொய்ய கழிக்கணும், அப்புறம்தான் காலி இடம் பத்தியே பேசணும். ஒரே ஒரு கேஸ எடுத்து கடைசி வரைக்கும் போட்டுக் காட்றேன்.

கேஸ் கற்பனைதான், நம்பரெல்லாம் கணக்குப் போட்டுக் காட்ட நானே வெச்சது. அஞ்சு ப்ராண்ட், பேரு வேண்டாம், பாக்கெட் கலர வெச்சே கூப்பிடுவோம்: சிவப்பு (எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய ப்ராண்ட்), மஞ்சள், நீலம், பச்சை (எண்ணெய்ல பொரிக்காம பேக் பண்ணது), வெள்ளை (சின்ன ப்ராண்ட், கெட்டியான பார் மாதிரி வரும்).

முதல்ல, எந்த ப்ராண்டெல்லாம் உள்ள வரணும்

இத சும்மா தாண்டிப் போயிடுவாங்க, ஆனா மேப்போட எல்லைய முடிவு பண்றதே இதுதான். கடையில ஒரே ஷெல்ஃப்ல இருக்குங்கறதுக்காக சேர்க்காதீங்க, வாங்குறவரு "இது இல்லேன்னா அத எடுத்திருப்பேன்"னு சொல்ற சாமானத்த சேருங்க. போன ஒரு மாசத்துல பாக்கெட் ஸ்நாக்ஸ் வாங்கின ஒரு இருபது பேர்கிட்ட "கடைசியா வாங்கினது கடையில இல்லேன்னா என்ன வாங்கியிருப்பீங்க?"ன்னு கேட்டாலே லிஸ்ட் தானா வந்துடும். சிப்ஸ் கம்பெனிக்காரர் சிப்ஸ் மட்டும்தான் போட்டின்னு நினைச்சிட்டு இருப்பாரு, லிஸ்ட்ல நட்ஸ் பாக்கெட்டும் பாரும் வந்து நிக்கும். நம்ம வெள்ளை ப்ராண்ட் உள்ள வந்ததே அப்படித்தான்.

எட்டுலேர்ந்து பத்து ப்ராண்டுக்கு மேல போகாதீங்க, பதில் சொல்றவங்களுக்கு அலுத்துடும். இங்க கணக்கு சுலபமா இருக்கட்டும்னு அஞ்சு.

வார்த்தைகள வாங்குறவங்க வாயிலேர்ந்து எடுக்கறது

"இன்னொவேட்டிவ்", "பிரீமியம்", "ட்ரஸ்ட்வொர்தி" இதெல்லாம் கம்பெனிக்குள்ள பேசற வார்த்தை. ஒரு ஸ்நாக்ஸ் பாக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு யாரும் இது இன்னொவேட்டிவா இருக்கேன்னு நினைக்கறதில்ல. அவங்க வார்த்தைய எடுக்க நல்ல வழி ஒண்ணு இருக்கு, ஜார்ஜ் கெல்லிங்கற உளவியலாளர் 1955ல கொண்டு வந்த ரெபர்டரி கிரிட். செய்யறது ரொம்ப சிம்பிள். மூணு பாக்கெட்ட ஒருத்தர் முன்னாடி வெச்சு, "இதுல எந்த ரெண்டு ஒரே மாதிரி, மூணாவது எப்படி வேற?"ன்னு கேக்கணும். அவரு சொல்ற காரணத்த அப்படியே அவர் வார்த்தையிலயே எழுதிக்கணும். அப்புறம் வேற மூணு. ஒரு ஆளுக்கு ஆறு ஏழு தடவ போதும். பத்துப் பன்னெண்டு பேரத் தாண்டினதும் புது வார்த்தை வர்றது குறைஞ்சிடும், அப்ப நிறுத்திக்கலாம்.

இப்படி எடுத்தா "சாப்பிட்டப்புறம் மனசு உறுத்தாது", "இது ஒண்ணு தின்னா சாப்பாடு வரைக்கும் தாங்கும்", "நாலு பேரு வந்தா பிரிச்சு வெக்கலாம்" மாதிரி வாக்கியங்கள் வரும். "ஹெல்த்தி"ங்கற ஒத்த வார்த்தைக்கும் "மனசு உறுத்தாது"ங்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க. முதல்தக் கேட்டா பாக்கெட்ல என்ன எழுதியிருக்கோ அதத்தான் சொல்வாங்க, ரெண்டாவதுலதான் அவங்களுக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியும்.

நிஜத்துல பன்னெண்டுலேர்ந்து பதினஞ்சு வாக்கியம் வெச்சுக்கலாம். இங்க நாலு மட்டும்: டேஸ்ட் தூக்கலா இருக்கு, மனசு உறுத்தாது, பசி அடங்குது, கூட்டமா உக்காந்து சாப்பிடலாம்.

கேக்கற விதம்

ரெண்டு வழி இருக்கு. ஒவ்வொரு ப்ராண்டுக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் மார்க் போடச் சொல்றது ஒண்ணு. இன்னொண்ணு, வாக்கியத்தப் படிச்சுக் காட்டி "இது எந்தெந்த ப்ராண்டுக்குப் பொருந்தும்? எத்தனை வேணா சொல்லலாம், ஒண்ணும் இல்லேன்னாலும் சரி"ன்னு டிக் பண்ண விடறது. ஸ்நாக்ஸுக்கு நான் ரெண்டாவதத்தான் எடுப்பேன். பத்து ப்ராண்ட், பதினஞ்சு வாக்கியம்னா மார்க் போடற முறையில 150 பதில், ஒரு சிப்ஸ் பாக்கெட்டப் பத்தி 150 கேள்விக்கு எவனும் யோசிச்சு பதில் சொல்ல மாட்டான், நாப்பதாவது கேள்வியிலேர்ந்து எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டுப் போயிடுவான்.

ப்ராண்ட் வரிசைய ஆளுக்கு ஆள் மாத்துங்க, முதல்ல இருக்கிற பேருக்கு டிக் கூடுதலா விழும். ஒவ்வொருத்தரும் எந்த ப்ராண்ட் எவ்ளோ அடிக்கடி வாங்குறாங்கன்னும் கேட்டு வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

200 பேர்கிட்ட கேட்டோம்னு வெச்சுக்குவோம். எத்தனை பேர் டிக் பண்ணாங்கங்கற டேபிள் இது:

| ப்ராண்ட் | டேஸ்ட் தூக்கல் | மனசு உறுத்தாது | பசி அடங்கும் | கூட்டமா சாப்பிட | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| சிவப்பு | 120 | 40 | 60 | 100 | 320 |
| மஞ்சள் | 90 | 15 | 25 | 70 | 200 |
| நீலம் | 50 | 30 | 20 | 60 | 160 |
| பச்சை | 20 | 80 | 25 | 15 | 140 |
| வெள்ளை | 20 | 35 | 50 | 15 | 120 |
| மொத்தம் | 300 | 200 | 180 | 260 | 940 |

இங்கதான் அந்தப் பொய்

டேபிள அப்படியே பாத்தா "பசி அடங்கும்"ல முதல் இடம் யாருக்கு? சிவப்புக்கு, 60. வெள்ளைக்கு 50தான். அப்ப பசிக்கு சிவப்புதான் ராஜா, அந்த இடம் எடுத்தாச்சு, நாம அந்தப் பக்கம் போக வேண்டாம்னு முடிவெடுத்தா அங்கயே காலி.

நான் முதல் முதல்ல போட்ட மேப்ல இதே தப்பத்தான் பண்ணேன், பெரிய ப்ராண்ட் எல்லா வாக்கியத்துலயும் மேல இருந்துச்சு, எல்லாரும் தலையாட்டினாங்க, கடைசியில ஒருத்தர் மட்டும் "இது மேப்பா, விற்பனை லிஸ்ட்டா?"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியல.

விஷயம் என்னன்னா, நிறைய பேருக்குத் தெரிஞ்ச, நிறைய பேர் வாங்குற ப்ராண்டுக்கு எந்த வாக்கியத்தப் படிச்சாலும் டிக் விழும். தெரியாத ப்ராண்டப் பத்தி யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. அதனால அந்த நம்பருக்குள்ள ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு, ப்ராண்ட் எவ்ளோ பெருசுங்கறதும், ப்ராண்ட் எப்படிப்பட்டதுங்கறதும். நமக்கு ரெண்டாவது மட்டும் போதும், முதல்தக் கழிக்கணும்.

கழிக்கிற கணக்கு பள்ளிக்கூட லெவல்தான். ஒரு ப்ராண்டோட மொத்த டிக்கையும் ஒரு வாக்கியத்தோட மொத்த டிக்கையும் பெருக்கி, எல்லாத்தோட மொத்தத்தால வகுத்தா, "தனி குணம்னு ஒண்ணுமே இல்லேன்னா இவ்ளோ டிக் விழுந்திருக்கும்"ங்கற எதிர்பார்ப்பு வரும். உண்மையில விழுந்ததுலேர்ந்து அதக் கழிச்சா மிச்சம் இருக்கிறதுதான் ப்ராண்டோட குணம்.

சிவப்புக்கு பசி: 320 × 180 ÷ 940 = சுமார் 61. விழுந்தது 60. மிச்சம் -1. அதாவது பசி விஷயத்துல சிவப்புக்குத் தனியா ஒரு பேரும் இல்ல, அது பெருசா இருக்கிறதால விழுந்த டிக் அது.

வெள்ளைக்கு பசி: 120 × 180 ÷ 940 = சுமார் 23. விழுந்தது 50. மிச்சம் +27. பசின்னா ஜனங்க மனசுல இருக்கிறது வெள்ளைதான், சின்ன ப்ராண்டா இருந்தாலும்.

எக்ஸெல்ல மேல இருக்கிற டேபிள A1லேர்ந்து அப்படியே போட்டீங்கன்னா மொத்தம் F காலத்துலயும் 7வது வரியிலயும் வரும். தனியா ஒரு இடத்துல இந்த ஃபார்முலாவ எழுதி நாலு காலம் அஞ்சு வரிக்கு இழுத்துடுங்க:

```
=B2-($F2*B$7/$F$7)
```

வர்ற மிச்சம் (முழு எண்ணா ஆக்கினது):

| ப்ராண்ட் | டேஸ்ட் | உறுத்தாது | பசி | கூட்டம் |
|---|---|---|---|---|
| சிவப்பு | +18 | -28 | -1 | +11 |
| மஞ்சள் | +26 | -28 | -13 | +15 |
| நீலம் | -1 | -4 | -11 | +16 |
| பச்சை | -25 | +50 | -2 | -24 |
| வெள்ளை | -18 | +9 | +27 | -18 |

உண்மையச் சொன்னா, உங்ககிட்ட நேரம் இல்லேன்னா இந்த டேபிளோட நிறுத்திக்கலாம், முக்கால்வாசி விஷயம் இதுலயே இருக்கு. நீலத்தப் பாருங்க, டேஸ்டுக்கு 50 பேர் டிக் பண்ணியிருக்காங்க, ஆனா அதுல தனியா ஒண்ணும் இல்ல, கூட்டம் வந்தா பிரிச்சு வெக்கிற பாக்கெட், அவ்ளோதான் அதோட அடையாளம்.

மேப்பா மாத்தறது

நாலு வாக்கியத்த ரெண்டு அச்சுல அடக்கணும். இந்த மாதிரி டிக் டேபிளுக்கு ஏத்த முறை கரெஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ், ஏன்னா அது எதிர்பார்ப்பக் கழிச்ச மிச்சத்துலேர்ந்துதான் வேலையவே ஆரம்பிக்கும், ப்ராண்டோட பெரிய சைஸ் தானா கழிஞ்சிடும். மார்க் போடற முறையில டேட்டா எடுத்திருந்தா ஃபேக்டர் அனாலிசிஸ் போகணும். வாக்கியமே இல்லாம "இந்த ரெண்டு ப்ராண்ட் எவ்ளோ ஒத்துப்போகுது"ன்னு மட்டும் கேட்டிருந்தா மல்டி டைமென்ஷனல் ஸ்கேலிங். மூணையும் ஒரே மேப்ல கலக்காதீங்க.

பைத்தான்ல இவ்ளோதான்:

```python
import numpy as np
O = np.array([[120,40,60,100],
              [90,15,25,70],
              [50,30,20,60],
              [20,80,25,15],
              [20,35,50,15]])
R = O.sum(1, keepdims=True)
E = R * O.sum(0) / O.sum()
U, s, V = np.linalg.svd((O - E) / np.sqrt(E))
print(s**2 / (s**2).sum())
print(U[:, :2] * s[:2] / np.sqrt(R))
print(V[:2].T * s[:2] / np.sqrt(O.sum(0))[:, None])
```

முதல் பிரிண்ட், ஒவ்வொரு அச்சும் மொத்த வித்தியாசத்துல எவ்ளோவ சொல்லுதுன்னு காட்டும். நம்ம கேஸ்ல முதல் அச்சு சுமார் 80 சதவீதம், ரெண்டாவது சுமார் 18, மிச்சம் ரெண்டு சதவீதத்துக்கும் கம்மி. அதனால ரெண்டு அச்சு மேப் போதும். நிஜ டேட்டாவுல பதினஞ்சு வாக்கியம் இருக்கும்போது இவ்ளோ சுத்தமா வராது, முதல் ரெண்டும் சேர்ந்து 60க்குக் கீழ வந்தா அந்த மேப்ப நம்பி கேப் தேடாதீங்க, மூணாவது அச்சுல வேற கதை ஓடிட்டு இருக்கும். (60ங்கறது சட்டம் இல்ல, என் கை பழக்கம்.)

ரெண்டாவது பிரிண்ட் ப்ராண்டுகளோட இடம், மூணாவது வாக்கியங்களோட இடம். பிளஸ் மைனஸ் திசை உங்க கம்ப்யூட்டர்ல தலைகீழா வரலாம், அது தப்பில்ல, கண்ணாடியில பாக்கற மாதிரிதான். நான் வலது பக்கம் "உறுத்தாது", மேல "பசி அடங்கும்"னு திருப்பி வெச்சுக்கறேன். இடது ஓரத்துல மஞ்சள், அதுக்குக் கொஞ்சம் உள்ள சிவப்பும் நீலமும், நீலம் கொஞ்சம் கீழ. வலது கோடியில கீழ பச்சை. வலது மேல வெள்ளை. டேஸ்டும் கூட்டமும் ரெண்டுமே இடது பக்கம் காட்டுது.

படம் வரையும்போது ரெண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோல் வெக்கணும். பிரசன்டேஷன் ஸ்லைடுல அடங்கணும்னு அகலமா இழுத்துட்டா ரெண்டு ப்ராண்ட் நடுவுல இல்லாத தூரம் தெரியும், இல்லாத கேப்பும் தெரியும். இன்னொண்ணு, ஒரு ப்ராண்ட் புள்ளியும் ஒரு வாக்கியப் புள்ளியும் பக்கத்துல பக்கத்துல இருக்குங்கறதுக்காக ரெண்டும் ஒட்டுன்னு எடுத்துக்காதீங்க, இந்த வகை மேப்ல அந்த தூரத்துக்கு நேரடி அர்த்தம் கிடையாது. நடு மையத்துலேர்ந்து ரெண்டும் ஒரே திசையில இருக்கான்னு பாருங்க, சந்தேகம்னா மிச்ச டேபிளுக்குத் திரும்பிப் போங்க, அது பொய் சொல்லாது.

மேப் நம்பற மாதிரி இருக்கான்னு ஒரு சோதனை

200 பேர சீட்டு குலுக்கற மாதிரி ரெண்டு நூறா பிரிச்சு தனித்தனியா மேப் போடுங்க. ரெண்டுலயும் ப்ராண்டுகள் கிட்டத்தட்ட அதே இடத்துல நின்னா சரி. வெள்ளை ஒரு மேப்ல மேலயும் இன்னொண்ணுல நடுவுலயும் நின்னா, அத வெச்சு எந்த காலி இடத்தையும் அளக்க முடியாது. சின்ன ப்ராண்டுங்கதான் இப்படி ஆடும், அதுக்கு டிக்கே கம்மி.

அப்புறம் அந்த ப்ராண்ட வாங்குறவங்க, வாங்காதவங்கன்னு பிரிச்சு ஒரு தடவ பாருங்க. பாதி பேருக்கு பச்சை "மனசு உறுத்தாத நல்ல டேஸ்ட்", மீதி பேருக்கு "அட்டைய மெல்றமாதிரி"ன்னு இருந்தா, ரெண்டும் சேர்ந்து சராசரியில டேஸ்ட் "பரவாயில்ல"ன்னு நடுவுல வந்து நிக்கும். அப்படி ஒரு அபிப்பிராயம் யாருக்குமே கிடையாது. மேப்போட நடுவுல நிக்கிற எந்த ப்ராண்டையும் இப்படி உடைச்சுப் பாக்காம விடாதீங்க.

இப்ப கேப்

இடது மேல் மூலை காலி. டேஸ்ட் தூக்கலா இருக்கணும், பசியும் அடங்கணும். அஞ்சு ப்ராண்டுல ஒண்ணுக்குக் கூட ரெண்டுலயும் பிளஸ் இல்ல. படத்துலயே தெரியற கேப் இது.

ஆனா படத்துல தெரியாத கேப்பும் இருக்கும், இதத்தான் நிறைய பேர் கோட்டை விடறது. "உறுத்தாது"வும் "கூட்டமா சாப்பிட"வும் ஒரே அச்சோட எதிர் எதிர் முனை. ரெண்டும் சேர்ந்த ஒரு ப்ராண்டுக்கு இந்த மேப்ல எங்க இடம்? வலதும் இடதும் அடிச்சுக்கிட்டு நடு மையத்துல வந்து விழும். மையத்துல காலி மூலைன்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது, "அது சராசரி ப்ராண்ட் நிக்கிற இடம்"னு தாண்டிப் போயிடுவோம். அச்சே இப்ப இருக்கிற ப்ராண்டுகள வெச்சு உருவானது, இப்ப யாரும் சேர்க்காத ரெண்டு குணத்த அது எதிரின்னு எழுதி வெச்சுடும். அதனால மேப்போட நிக்காம, மிச்ச டேபிள்ல வாக்கியங்கள ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்து, ரெண்டுலயும் பிளஸ் இருக்கிற ப்ராண்ட் இருக்கான்னு பாருங்க.

நாலு வாக்கியத்துல ஆறு ஜோடி:

டேஸ்ட் + கூட்டம்: சிவப்பு, மஞ்சள் ரெண்டும் உக்காந்திருக்கு.
உறுத்தாது + பசி: வெள்ளை இருக்கு.
டேஸ்ட் + பசி: காலி.
டேஸ்ட் + உறுத்தாது: காலி.
உறுத்தாது + கூட்டம்: காலி.
பசி + கூட்டம்: காலி.

நாலு காலி இடம். இதுல எது சந்தர்ப்பம், எது வெறும் பொட்டல்னு மேப் சொல்லவே சொல்லாது. ஜனங்க எப்படிப் பாக்கறாங்கன்னுதான் மேப்ல இருக்கு, என்ன வேணும்ங்கறது அதுல இல்ல. அதுக்கு வேற கேள்வி கேக்கணும்.

வேணுமான்னு கேக்கறது

"டேஸ்டாவும் ஹெல்த்தியாவும் ஒரு ஸ்நாக்ஸ் வந்தா வாங்குவீங்களா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. யாரு வேண்டாம்பாங்க? நடந்தத கேளுங்க. "போன வாரத்துல கடைசி மூணு தடவ ஸ்நாக்ஸ் சாப்பிட்டீங்களே, ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்துல என்ன தேவையா இருந்துச்சு? கடைசியில எதச் சாப்பிட்டீங்க? தேவை தீந்துச்சா?" பாக்கெட் இல்லாத பழம், வீட்டுல செஞ்சது எல்லாத்தையும் பதில்ல சேருங்க.

200 பேர், மூணு மூணு தடவ, 600 சந்தர்ப்பம். நம்ம கேஸ்ல இப்படி வந்துச்சுன்னு வெச்சுக்குவோம்:

| ஜோடி | ரெண்டும் வேணும்னு இருந்த தடவை | தேவை தீராம விட்டது |
|---|---|---|
| டேஸ்ட் + பசி | 96 | 61 |
| டேஸ்ட் + உறுத்தாது | 110 | 48 |
| உறுத்தாது + கூட்டம் | 54 | 12 |
| பசி + கூட்டம் | 14 | 5 |

பசி + கூட்டம் காலியா இருக்கிறதுக்கு காரணம் அது தேவையில்லாத இடம். பசிச்சா ஆளு தனியா நின்னு வாயில போட்டுக்கறான், கூட்டத்துல கொறிக்கறது பேச்சுக்குத் துணை, பசிக்கு இல்ல. விட்டுடலாம்.

உறுத்தாது + கூட்டம், 54 தடவ தேவை இருந்துச்சு, ஆனா 42 தடவ தீந்துடுச்சு. எதால? பதில்களப் பிரிச்சுப் பாத்தா பழத்த வெட்டி வெச்சிருப்பாங்க, நட்ஸக் கிண்ணத்துல கொட்டியிருப்பாங்க. பாக்கெட் ப்ராண்ட் மட்டும் வெச்சுப் போட்ட மேப்ல அது காலியாத் தெரியும், நிஜத்துல அங்க ஆள் இருக்கு, ப்ராண்ட் பேரு இல்லாம. முதல் படியில லிஸ்ட் எடுத்தப்பவே இது கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

டேஸ்ட் + உறுத்தாது தான் எல்லாரையும் இழுக்கற இடம், தேவையும் அதிகம், 110. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. ரகுநாதன், நெய்லர், ஹோயர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 2006ல வெளியிட்ட சோதனைகள்ல, ஒரு சாப்பாட்ட உடம்புக்கு ஆகாததுன்னு காட்டினாலே ஜனங்க அது டேஸ்டா இருக்கும்னு எடுத்துக்கறாங்கன்னு வந்துச்சு, அப்படி நம்பலன்னு சொன்னவங்ககிட்டயும் கூட. அதத் திருப்பிப் பாருங்க, பாக்கெட்ல "உடம்புக்கு நல்லது"ன்னு பெருசா எழுதற அந்த நிமிஷமே டேஸ்ட் பக்கத்துலேர்ந்து நீங்க நழுவிப் போற ஆபத்து இருக்கு. பச்சைக்கு டேஸ்ட்ல -25 வந்ததுக்கு அதோட ருசிதான் காரணமா, இல்ல பாக்கெட்ல இருக்கிற எழுத்தான்னு தெரியணும்னா, பாதி பேருக்குப் பாக்கெட்டோட, பாதி பேருக்கு வெறும் கிண்ணத்துல கொடுத்துப் பாருங்க. கிண்ணத்துல நல்ல மார்க் வந்து பாக்கெட்டோட குறைஞ்சா, இந்த இடத்த எடுக்க புது ப்ராண்டே வேண்டாம், பச்சையே பாக்கெட்ட மாத்திட்டு அங்க வந்துடும். அப்ப நீங்க போய் நின்னா ரெண்டு மாசத்துல போட்டி.

மிச்சம் டேஸ்ட் + பசி. 96 தடவ தேவை, 61 தடவ தீரல, அதாவது மூணுல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. சிவப்ப வாங்கி ரெண்டு பாக்கெட் தின்னவங்களும், வெள்ளைய வாங்கி சலிச்சுக்கிட்டு தின்னவங்களும் இதுல இருப்பாங்க. நான் பணம் போடணும்னா இங்கதான் முதல்ல பாப்பேன்.

ஒரு எச்சரிக்கை, 61ங்கறது சந்தர்ப்பத்தோட எண்ணிக்கை, ஆளு இல்ல. ஒரே ஆள் மூணு தடவையும் அதையே சொல்லியிருக்கலாம். எத்தனை தனி ஆள்னு எண்ணுங்க, இருபத்தஞ்சு பேருக்குள்ள சுருங்கிடுச்சுன்னா அது சின்ன இடம்.

செய்ய முடியுமா

காலி இடத்துக்கு சில சமயம் காரணம் சமையலறையில இருக்கும். பசி அடங்கணும்னா எடை வேணும், புரதமும் நார்ச்சத்தும் வேணும். ஊதி உப்பின லேசான ஸ்நாக்ஸ்ல காத்துதான் பாதி, அது நாக்குக்கு மொறுமொறுன்னு இருக்கும், வயித்துல நிக்காது. பட்டாணிப் புரதம் மாதிரி சேர்த்தா பயறு வாசனையும் கசப்பும் எட்டிப் பாக்கும், அத மறைக்க உப்பும் மசாலாவும் கூட்டணும், அமைப்பும் கெட்டியாயிடும். வெள்ளை டேஸ்ட்ல -18 வாங்கினது தற்செயலா இருக்காது. அதனால ப்ராடக்ட் செய்யறவங்கள இந்தக் கட்டத்துலயே கூப்பிட்டு உக்கார வெச்சு, "எடைய இவ்ளோ கூட்டினா மொறுமொறுப்பு எங்க உடையுது?"ன்னு கேளுங்க. அவங்க "முடியாது"ன்னா போட்டிக்காரங்களும் இதையே யோசிச்சு விட்டுட்டாங்கன்னு அர்த்தமா இருக்கலாம். "முடியும், ஆனா அடக்க விலை ஏறும்"னா அந்த விலைய அடுத்த படியில காட்டியே கேக்கணும்.

புதுசு உண்மையிலயே அங்க போய் விழுதா

ஐடியாவ ஒரு பாக்கெட் படமா, விலையோட செஞ்சு, புதுசா ஒரு 200 பேர்கிட்ட அதே அஞ்சு ப்ராண்டோட ஆறாவதா வெச்சு, அதே நாலு வாக்கியத்த கேளுங்க. மேப் போடும்போது புது ப்ராண்ட அச்சு உருவாக்கத்துல சேர்க்காதீங்க, பழைய அஞ்ச வெச்சு அச்சு போட்டுட்டு, புதுச அது மேல கொண்டு போய் வைங்க, இதுக்கு சப்ளிமென்டரி பாயின்ட்னு பேரு. இல்லேன்னா புதுசு வந்ததும் மேப்பே திரும்பிடும், நகர்ந்தது ப்ராண்டா அச்சான்னு புரியாது.

டேஸ்ட் + பசி ஐடியா மூணு விதமா விழலாம். இடது மேல விழுந்தா நினைச்சது நடந்துச்சு. வெள்ளைக்குப் பக்கத்துல போய் விழுந்தா, ஜனங்களுக்கு "கெட்டியான பார்"னா டேஸ்ட் இல்லங்கற எண்ணம் ஊறிப் போயிருக்கு, பார் வடிவத்த விட்டு வேற வடிவத்துல முயற்சி பண்ணிப் பாருங்க. நடு மையத்துல விழுந்தா மிச்ச டேபிளப் பாருங்க: ரெண்டுலயும் பூஜ்ஜியத்தச் சுத்தி இருந்தா எந்தக் குணமும் ஒட்டல, பாக்கெட் எதையும் சொல்லல, அதத் திரும்பப் பண்ணிட்டு மறுபடி கேளுங்க.

இதுல தேறினா நிஜ ப்ராடக்ட்ட வாயில வெச்சு, அதே வாக்கியங்கள சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ கேளுங்க. "பசி அடங்கும்"னு பாக்கெட்டப் பாத்து சொன்னவங்க எத்தனை பேர் ஒரு மணி நேரம் கழிச்சும் அதையே சொல்றாங்கங்கறது, ரெண்டாவது பாக்கெட் விக்குமாங்கற கேள்விக்கு கிட்டத்தட்ட பக்கத்துல வர்ற நம்பர்.